பெயருக்கு முன்னால் பெரிய எழுத்து

ஜெயத்தை அச்சகத்தில் யாரும் அமைதியான பொம்பளை என்று சொன்னதில்லை. சத்தம் போடுகிறவளும் இல்லை. அவள் ஒரு சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டால், அந்தக் கோட்டை அழிக்கச் சொல்லப் போனவர்கள் வாயை மூடிக்கொண்டு திரும்பி வருவார்கள். அவ்வளவுதான் அவள் செய்தது. அதற்கே அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்துவிட்டது. பிழை திருத்தச் சம்பளம் கொடுத்துவிட்டுப் பிழையைச் சொன்னால் முகம் சுளிக்கிற ஊர் நம் ஊர்.

வீடு முத்தியால்பேட்டையில். அப்பா சுப்ரமணி பஞ்சாலையில் நூற்பு மெஷின் ஓட்டியவர். வேலைநிறுத்தம் என்றால் முதல் வரிசையில் நிற்பார், அடி விழுந்தாலும் முதல் வரிசையில்தான் வாங்குவார். மகளைக் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் சேர்த்து இங்கிலீஷும் பிரெஞ்சும் படிக்க வைத்தார். "நாளைக்கு ஒருத்தன் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடுன்னா, படிச்சிப் பாத்துட்டுப் போடணும்டி" என்பது அவர் கட்சி. பத்தாவது முடித்து, நாலு வருஷம் வீட்டில் இருந்து, பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு பேரை அவள் வேண்டாமென்றும், மூன்று பேர் அவளை வேண்டாமென்றும் சொல்லி முடித்தபின், எழுபத்தொன்றில் மீனலோசனி அச்சகத்தில் புரூப் ரீடராகச் சேர்ந்தாள்.

அதுவரை அந்த அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, சங்க அறிக்கை, மிஞ்சிப்போனால் எழுபது பக்கத்தில் ஒரு பக்திப் புத்தகம். எழுபத்தெட்டில்தான் அந்தப் பெரிய புத்தகம் வந்தது. எழுதியவர் லூயி தேவதாஸ். கோர்ட்டில் கிரெஃபியேயாக, அதாவது பதிவுகளைக் காக்கும் பெரிய குமாஸ்தாவாக, பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் அவரை 'முசியே' என்றுதான் கூப்பிடும். இந்தக் கடற்கரையின் வரலாற்றை, படகு, பாலம், உப்பளம், தெரு, குடும்பம் என்று ஒன்று விடாமல், இங்கிலீஷில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அச்சில் அறுநூற்று நாற்பது பக்கம் வரும் என்று கணக்குப் போட்டார்கள்.

தட்டச்சுப் பிரதியின் முதல் ஐம்பது பக்கத்தைப் படித்ததும் ஜெயத்துக்குத் தலை சுற்றியது. முத்தியால்பேட்டையையே முசியே நாலு விதமாக எழுதியிருந்தார். ஓரிடத்தில் 'ஹெச்' உண்டு, இன்னோரிடத்தில் இல்லை, மூன்றாவது இடத்தில் பிரெஞ்சுக்காரன் எழுதுகிற மாதிரி. சொந்த ஊர்ப் பெயரையே இந்தப் பாடு படுத்தியவர் மற்றதை விடுவாரா? லைட்ஹவுஸ் ஒரு பக்கத்தில் ஒரே சொல், அடுத்த பக்கத்தில் நடுவில் சிறு கோடு. ஜனவரி, மார்ச் எல்லாம் சின்ன எழுத்தில் ஆரம்பித்தன. பிரெஞ்சில் மாதத்துக்குப் பெரிய எழுத்து கிடையாது, முசியேயின் கை அந்தப் பழக்கத்திலேயே ஓடியிருந்தது. கவர்னரும் அப்படியே, இங்கிலீஷ் நூல் பார்த்து எழுதிய இடத்தில் பெரிய எழுத்து, பிரெஞ்சு ஆவணம் பார்த்து எழுதிய இடத்தில் சின்ன எழுத்து.

சின்ன வேலையாக இருந்தால் இதை எல்லாம் தலையிலேயே வைத்துக்கொள்ளலாம். இது வருஷக்கணக்கில் இழுக்கப்போகிற வேலை. அச்சகத்தில் இருந்த ஈய எழுத்து முப்பது நாற்பது பக்கத்துக்குத்தான் காணும். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஒரு ஃபாரத்தைக் கோத்து, திருத்தி, அச்சடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அந்த எழுத்திலேதான் அடுத்த ஃபாரம். ஆகவே முதல் ஃபாரத்தில் செய்த முடிவு முடிந்த முடிவு. நாற்பதாம் ஃபாரத்தில் மறந்துபோனால், போய்த் திருத்த அங்கே எழுத்தும் இருக்காது, ஒன்றும் இருக்காது.

ஜெயம் கடைத்தெருவில் தன் காசில் ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கினாள். டெலிபோன் டைரியில் இருக்கிறதுபோல ஓரத்தைக் கத்தரித்து ஏ முதல் இஸட் வரை எழுதினாள். ஒவ்வொரு பக்கத்திலும் நாலு பத்தி. சொல், என்ன முடிவு, முதலில் வந்த பக்கம், யார் எந்தத் தேதியில் முடிவு செய்தது. அவளாக எடுத்த முடிவு பென்சிலில். முசியே ஒத்துக்கொண்ட பிறகுதான் அதன் மேல் மை. நோட்டின் கடைசியில் இரண்டு பக்கம் பொதுவிதிக்கு. மாதமும் கிழமையும் பெரிய எழுத்தில் தொடங்கணும். பழைய ஆவணத்தை அப்படியே எடுத்துப் போட்ட இடத்தில் எழுத்தைத் தொடக்கூடாது, அவன் எழுதியது அவனோடு. வரிக் கடைசியில் உடைந்த சொல்லைப் பார்த்துச் சிறுகோடு உண்டென்று முடிவு கட்டக்கூடாது, வரிக்கு நடுவில் அதே சொல் வருகிறவரை காத்திருக்கணும்.

இந்தக் கடைசி விதியை அவள் அடிபட்டுத்தான் எழுதினாள். உப்பளத்துக்கு வரும் சால்ட்பேன் என்ற சொல்லை முதன்முதலில் வரிக் கடைசியில் பார்த்து, கோடு போட்ட சொல் என்று பதிந்துவிட்டாள். முதல் ஃபாரம் மெஷினுக்குப் போகிற அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள். ஒன்பது இடத்தில் கோட்டைப் பிடுங்கியது எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் அம்மாவாசை.

அம்மாவாசை பிள்ளைச்சாவடிக்காரர். கடலுக்குப் போகிற குடும்பத்தில் கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்த ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எழுத்து மட்டும் கற்றுக்கொண்டு, பொருள் தெரியாமலே, பதினெட்டு வருஷமாக இங்கிலீஷ் கோத்துக்கொண்டிருந்தார். அவர் கை தப்பினால் அது பிரதியின் தப்பு என்று சொல்லுமளவுக்குச் சுத்தம்.

"இன்னாம்மா ஜெயம், நேத்து கோடு போடச் சொன்ன, இன்னைக்குப் புடுங்கச் சொல்ற. உங்கூட்டுக் கோடா?" என்றார்.

"என் தப்புதான் அண்ணே. நோட்டுலயும் என் தப்புன்னுதான் எழுதியிருக்கறேன். வேணும்னா பாருங்க."

"தப்பெல்லாமா எழுதுவாங்க? நீ நல்ல ஆளு" என்று சிரித்துக்கொண்டே பிடுங்கினார்.

முதல் ஃபாரம் அச்சாகுமுன் ஜெயம் பொதுவிதிகளை ஒரு தாளில் தட்டச்சு செய்து முசியே வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனாள். பெயருக்கு முன்னால் பதவி வந்தால் பதவிக்குப் பெரிய எழுத்து, பெயரில்லாமல் தனியாக வந்தால் சின்ன எழுத்து. இது அதில் ஏழாவது விதி. கவர்னர், பிஷப், பத்திரம் பதிகிற நொத்தாரி என்று உதாரணம் கொடுத்திருந்தாள். முசியே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்து, "த்ரே பியேன், ரொம்ப சரி" என்று அடியில் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை நோட்டின் கடைசியில் ஒட்டி வைத்தாள்.

அச்சக முதலாளி ஜானகிராமனுக்கு இந்த நோட்டு கண்ணில் விழுந்த தூசி. "பொடவைக்கு பார்டர் போடுற மாதிரி ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வரலாறா? பாத்தோமா, திருத்துனோமான்னு போயிட்டே இரும்மா" என்பார். ஒன்பது ஃபாரம் ஒரு குறையும் வராமல் வெளியே போனதற்கு அந்த நோட்டுதான் காரணம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை ஒத்துக்கொள்வது வேறு விஷயம்.

பத்தாவது ஃபாரம் வந்தபோது முசியேவுக்குக் கண்ணில் ஆபரேஷன். இரண்டு மாதம் கட்டு. "நீங்களே பார்த்து அடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பத்திலும் பதினொன்றிலும்தான் படகுக்காரர்கள் அத்தியாயம் வருகிறது. கப்பலிலிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்த படகுகளை மீனவர்கள் ஒரு முறை கடலில் இறக்க மாட்டோமென்று நிறுத்திய கதை. பிரதியில் கவர்னர் இன்னார் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அவரோடு பேச்சுவார்த்தைக்கு வந்த கிராமத் தலைவர், ஹெட்மேன் ஆதிமூலம், சின்ன எழுத்தில் இருந்தார். ஒரே வரியில் இரண்டு பேரும்.

ஜெயம் பென்சிலை வைத்துவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விதி பெயருக்கு முன்னால் பதவி என்றுதான் சொல்கிறது. யார் பதவி என்று சொல்லவில்லை. ஹெட்மேனின் முதல் எழுத்துக்குக் கீழே மூன்று கோடு போட்டாள். பெரிய எழுத்தாக்கு என்பதற்கு அதுதான் குறி. நோட்டில் ஹெச் பக்கத்தைத் திறந்து ஹெட்மேன் என்று பென்சிலில் எழுதி, விதி ஏழின்படி, என் முடிவு, முசியேயைக் கேட்கவில்லை என்று தேதி போட்டாள்.

கேட்டிருக்கலாம். கட்டு அவிழ்கிறவரை ஓர் ஓரக்குறிப்போடு நிறுத்தி வைத்திருக்கலாம். அவள் கேட்காததற்குக் காரணம் மறதி இல்லை. கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு ஒரு வழி கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு புரூப் ரீடருக்கு உரியதல்ல என்பதும் அவளுக்குத் தெரியும். அம்மாவாசை கோடு பார்த்தார், பெரிய எழுத்துகள் இருக்கும் மேல் பெட்டியிலிருந்து எடுத்துக் கோத்தார். இரண்டு ஃபாரத்தில் இருபத்தேழு இடம். அச்சானது, எழுத்து பிரிக்கப்பட்டது. திருத்திய புரூப் தாள்களை வழக்கம்போல மை உருளை துடைக்க எடுத்துக்கொண்டார்கள்.

கட்டு அவிழ்த்த பின் முசியே ஆசையாக அச்சான தாள்களை வரவழைத்துப் பார்த்தார். அரை மணி நேரத்தில் அச்சகத்துக்கு ஆள் வந்தது. ஜானகிராமன் வேட்டியைச் சரி செய்துகொண்டு ஓடினார். போய்வந்தவர் நேரே எழுத்துப் பெட்டி வரிசைக்குப் போய், "அம்மாவாசை, நாளையிலேர்ந்து வராதே" என்றார்.

"ஏன் சார்?"

"ஏனா? உங்க ஜனத்துக்கெல்லாம் பெரிய எழுத்துப் போட்டு உக்கார வெச்சிருக்கியே, அதான். கவர்னரும் குப்பத்துத் தலைவனும் ஒண்ணா? அவுரு கொதிச்சிப் போயிருக்காரு. ரெண்டு ஃபாரத்தையும் திரும்ப அடிக்கணுமாம். பேப்பர் கிடைக்கிற காலமா இது?"

அம்மாவாசைக்கு ஹெட்மேன் என்றால் என்னவென்றே தெரியாது. "கோடு இருந்துச்சி, போட்டேன்" என்று மட்டும் சொன்னார். கோடு இருந்த தாளைக் காட்டு என்றார் முதலாளி. தாள் எங்கே இருக்கிறது, மையோடு மையாகிக் குப்பைக்குப் போயாயிற்று. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பிள்ளைச்சாவடிக்காரன் தன் ஆட்களுக்குத் தானே பெரிய எழுத்துப் போட்டுக்கொண்டான் என்றால் கேட்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். முதலாளி அந்தக் கணக்கைத்தான் போட்டிருந்தார்.

ஜெயம் எழுந்து வந்தாள். "சார், அது என் கோடு. நோட்டுல இருக்குது."

ஜானகிராமன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். குரல் தணிந்துவிட்டது. "ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வம்பு? முசியே சாயங்காலம் வராரு. தப்பு பண்ணவனை அனுப்பிட்டேன்னு சொன்னா அவரு மனசு ஆறிடும். திரும்ப அடிக்கிற பேப்பர் செலவுலயும் கொஞ்சம் இறங்கி வருவாரு. உன்ன விட்டா இந்தப் புத்தகத்தை யாரு பாக்கறது? கம்பாசிட்டர் கெடைப்பான். அந்த நோட்டை இன்னைக்கு ஒரு நாள் வீட்டுல கொண்டுபோய் வெச்சிட்டு வா. அவரு கேட்டா, இல்லைன்னு சொல்லு."

"இல்லைன்னு சொல்லணுமா?"

"ஒரு நாளைக்குத்தாம்மா."

"பதினெட்டு வருஷமா நிக்கிறாரு சார் அவரு."

"நீ நிக்கணுமா வேணாமா, அதை யோசி."

ஜெயம் யோசித்தாள். சும்மா சொல்லக்கூடாது, பயந்தாள். பஞ்சாலையிலிருந்து நின்றுவிட்ட அப்பா வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில். ஊரில் இங்கிலீஷ் புரூப் பார்க்கப் பெண்பிள்ளையை வைத்துக்கொள்கிற அச்சகம் இன்னொன்று இருக்குமா என்று அவளுக்குத் தெரியாது. பயத்தோடேயே போய்த் தன் மேசையில் உட்கார்ந்தாள். நோட்டு மேசைமேலேயே இருந்தது. வெளியே அம்மாவாசை தன் கோக்கும் குச்சியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். "போவாதீங்க அண்ணே, இருங்க" என்றாள்.

நாலரை மணிக்கு முசியே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் சுருட்டிய அச்சுத் தாள். முதலாளி அறையில் காப்பி வந்தது. யாரும் கூப்பிடாமல் ஜெயம் உள்ளே போய் நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"ஐயா, கம்பாசிட்டர் பேர்ல தப்பில்ல. முடிவு பண்ணது நான். தேதி இருக்குது, பாருங்க."

ஜானகிராமன் காப்பியைக் கீழே வைத்தார். முசியே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, படிக்கும் கண்ணாடி மாட்டி, நோட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "முசியேயைக் கேட்கவில்லை" என்று தானே வாய்விட்டுப் படித்தார்.

"ஏன் கேட்கலை?"

"கேட்டா நீங்க வேணாம்னுருவீங்கன்னு நெனச்சேன். அது என் தப்பு. ஆனா போட்டது தப்பில்ல. விதி ஏழு, கடைசிப் பக்கத்துல ஒட்டியிருக்குது. உங்க கையெழுத்து."

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது கவர்னருக்கும் பிஷப்புக்கும் சொன்னது. ஒரு மீன்காரத் தலைவனுக்கா சொன்னேன்? பதவின்னா ஒரு மரியாதை இல்லை?"

"பதவி எம்மாம் பெருசுன்னு எழுத என் நோட்டுல பத்தி இல்லீங்க. பேருக்கு முன்னால வருதா, வரலையா, அதான் பத்தி."

"ஜெயம்!" என்றார் முதலாளி.

"இருங்க சார், சொல்லிட்டுப் போயிடறேன். ஐயா, இப்ப மூணு வழிதான் இருக்குது. ரெண்டு ஃபாரத்தைத் திரும்பக் கோத்து அடிக்கலாம். அப்ப ஒரே வரியில கவர்னர் பெரிசா இருப்பாரு, ஆதிமூலம் சின்னதா இருப்பாரு, ஏன்னு கேக்கறவங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும், புத்தகத்துல உங்க பேருதான் இருக்குது. இல்ல, கவர்னரையும் சின்ன எழுத்தாக்கலாம், பிரெஞ்சுல அப்படித்தான எழுதறீங்க. அதுக்குப் பதினொரு ஃபாரத்தையும் திரும்ப அடிக்கணும். இல்லாட்டி இருக்கறது இருக்கட்டும். இனிமே வர்றதும் இதே மாதிரி வரட்டும். பன்னெண்டுலேர்ந்து மாத்துன்னு மட்டும் சொல்லாதீங்க. அப்படி ஒரு ஃபாரத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

முசியேயின் முகம் சிவந்திருந்தது. ஆயுசு முழுக்கப் பதிவேட்டைக் காத்த மனுஷன். எழுதி வைத்த தாளை, அதுவும் தன் கையெழுத்திட்ட தாளை, இல்லை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. கோபத்தோடேயே பக்கங்களைப் புரட்டினார். சால்ட்பேன் பக்கத்தில் 'என் தப்பு' என்று இருந்ததையும் படித்தார் போலிருக்கிறது, அங்கே கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னும் எத்தனை இடத்தில் வருகிறான் அந்த ஹெட்மேன்?"

"அறுபத்து மூணு இடம். ஆதிமூலம் மட்டுமில்ல, நாலு கிராமத்துத் தலைவருங்க."

"இருக்கட்டும்" என்றார். சொல்லும்போதே அது அவருக்குக் கசந்தது தெரிந்தது. "ஆனால் இனிமேல் என்னைக் கேட்காமல் இதில் ஒரு பென்சில் கோடு விழக்கூடாது."

"விழாது" என்றாள் ஜெயம். அதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

ரிக்‌ஷா போனதும் ஜானகிராமன் வெடித்தார். மானத்தை வாங்கிவிட்டாள், முதலாளி என்ற மட்டு மரியாதை இல்லை, அம்மாவாசைக்கு வேலையில்லை என்று சொன்னது சொன்னதுதான், சொல்லைத் திரும்ப விழுங்க அவர் என்ன நாயா.

"சரி சார்" என்றாள் ஜெயம். "அப்ப நானும் வரலை. நோட்டு நான் வாங்குனது, எங்கூடத்தான் வரும். புதுசா வர்றவங்க பதினொரு ஃபாரத்தையும் முதல்லேர்ந்து படிச்சி எங்க கோடு, எங்க பெரிய எழுத்துன்னு கண்டுபிடிச்சிக்கட்டும். மூணு மாசத்துல முடிச்சிடலாம், நல்லா இங்கிலீஷ் தெரிஞ்சா."

மறுநாள் காலையில் அம்மாவாசை தன் பெட்டிக்கு முன்னால் நின்றார். முதலாளி அன்றைக்கு முழுக்க வெளியே வரவில்லை. ஜெயத்திடம் அவர் நேரடியாகப் பேச ஒரு வருஷம் ஆயிற்று. அந்த வருஷம் அவளுக்குச் சம்பள உயர்வும் கிடையாது. அவள் கேட்கவும் இல்லை, நோட்டை மூடவும் இல்லை. ஓரக்குறிப்புகள் தாள் தாளாக முசியே வீட்டுக்குப் போயின, பதில்கள் வந்தன, பென்சில்மேல் மை ஏறியது.

எண்பதில் நாற்பது ஃபாரமும் முடிந்தது. புத்தகத்தின் முன்பக்கங்களைக் கடைசியில்தான் அச்சடிப்பார்கள். அதில் முசியே எழுதிய நன்றியுரை வந்தது. கலெக்டர் இன்னார், பேராசிரியர் இன்னார், கடைசியாக புரொப்ரைட்டர் ஜானகிராமன், மற்றும் அச்சகத் தொழிலாளர்கள். விதி ஏழின்படி முதலாளியின் அந்தப் பதவிக்கும் ஜெயம் பெரிய எழுத்து விட்டுவைத்தாள். விதி விதிதான், பிடிக்காதவனுக்கும் உண்டு. பிறகு 'தொழிலாளர்கள்' என்ற சொல்லைச் சுழித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, 'பெயர்கள்?' என்று எழுதி அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்துத் தாள் திரும்பி வந்தது. முசியே தன் கையாலேயே இரண்டு பெயரைச் சேர்த்திருந்தார். கம்பாசிட்டர் அம்மாவாசை, புரூப் ரீடர் ஜெயம். பெயருக்கு முன்னால் இருந்த வேலை இரண்டும் சின்ன எழுத்தில் இருந்தன. வேண்டுமென்று செய்தாரா, பழைய பழக்கத்தில் கை ஓடியதா, அவருக்குத்தான் தெரியும்.

கேட்காமல் கோடு போட மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். இதைக் கேட்கத் தேவையில்லை, இது கையெழுத்தான விதி. கம்பாசிட்டரின் முதல் எழுத்துக்குக் கீழே மூன்று கோடு போட்டாள். தன்னுடையதுக்கு வந்தபோது பென்சில் நின்றது. தனக்குத் தானே பெரிய எழுத்துப் போட்டுக்கொண்டாள் என்று நாளைக்கு எவனாவது சொல்வான். சொல்லட்டும். பென்சிலை வைத்துவிட்டு மைப்பேனாவை எடுத்து, அதற்குக் கீழேயும் மூன்று கோடு, கொஞ்சம் அழுத்தமாகவே, போட்டாள். அடியில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டு அம்மாவாசையிடம் நீட்டினாள்.

"இன்னாம்மா போட்டிருக்குது இதுல?" என்றார் அவர்.

"நம்ம பேரு அண்ணே. மேல் பெட்டியிலேர்ந்து எடுங்க."